பொறியியல் முதலாண்டுக் கணிதத் தேர்வு: அணிகளையும் வெக்டர் வெளிகளையும் 14 நாளில் மீள்பார்வை செய்வது எப்படி?

மெர்போக், செமெலிங், பீடோங் வட்டாரப் பிள்ளைகள் பொறியியல் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. செமெலிங்கிலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெற்கே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும், வடக்கே பெர்லிசில் யுனிமேப் பல்கலைக்கழகமும் உள்ளன. எங்குச் சேர்ந்தாலும் முதலாண்டில் சந்திக்க வேண்டிய ஒரு பகுதி, மெட்ரிக்ஸ் எனப்படும் அணிகளும் வெக்டர் வெளிகளும்.

இந்தப் பகுதி பலருக்கு இரண்டாகப் பிளந்து தெரிகிறது. அணிகள் எளிது, ஏனெனில் அவை எஸ்.பி.எம். கணிதத்திலேயே வந்தவை. வெக்டர் வெளி கடினம், ஏனெனில் அதில் எண்களைவிட வரையறைகளே அதிகம். ஆனால், எஸ்.பி.எம்.மில் நேர்மாறு கண்டது இரண்டுக்கு இரண்டு அணிக்கு மட்டுமே. அதில் ஒரு சூத்திரத்தைப் போட்டால் விடை வந்துவிடும். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழி வந்தவர்கள் மூன்றுக்கு மூன்று வரை பார்த்திருப்பார்கள். பல்கலைக்கழகத் தாளில் சூத்திரம் பின்வாங்கி, வரிசைச் சுருக்கம் என்ற ஒரே செய்முறை முன்னுக்கு வருகிறது. வெக்டர் வெளி வினாக்களில் பாதிக்கு மேல் அந்தச் செய்முறையின் முடிவை வேறு வேறு பெயரில் கேட்பவைதாம்.

ஆகவே, இரண்டு வாரத்தை அத்தியாயக் கணக்கில் பிரிக்காமல், முதல் வாரம் இந்தச் செய்முறைக்கு, இரண்டாம் வாரம் அதன் முடிவைப் படிக்கும் விதத்திற்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. கீழே ஒரே ஓர் அணியை வைத்து முழுத் திட்டத்தையும் பார்ப்போம்.

முதல் நாள்: கடந்தாண்டுத் தாள்

முதல் நாளில் பாடக்குறிப்பைத் திறக்க வேண்டாம். கடந்தாண்டுத் தாள்கள் இரண்டோ மூன்றோ எடுத்து, இப்பகுதிக்குரிய வினாக்களை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: "செய்வேன்", "தொடங்குவேன், முடிக்க மாட்டேன்", "வினாவே புரியவில்லை". இரண்டாவது குறி அதிகமானால் கணக்கில் வேகமும் துல்லியமும் குறைவு என்று பொருள். முதல் வாரத்தில் கூடுதல் நேரம் போடவேண்டும். மூன்றாவது குறி அதிகமானால் சொற்கள்தாம் சிக்கல். இரண்டாம் வாரத்தை ஒரு நாள் முன்னதாகவே தொடங்கலாம்.

2 முதல் 4 வரை: வரிசைச் சுருக்கம்

ஒரு கடையில் மூன்று பில்கள். ரொட்டி சானாய் விலை x, வடை விலை y, தே தாரேக் விலை z என்று வைப்போம். முதல் பில்லில் 1 ரொட்டி, 2 வடை, 1 தே: மொத்தம் 6 ரிங்கிட். இரண்டாவதில் 2 ரொட்டி, 4 வடை, 3 தே: 14 ரிங்கிட். மூன்றாவதில் 1 ரொட்டி, 2 வடை, 2 தே: 8 ரிங்கிட். இதை அணியாக எழுதினால்:

```
1  2  1 |  6
2  4  3 | 14
1  2  2 |  8
```

குறுக்கே போவது வரிசை, மேலிருந்து கீழே வருவது நிரல். முதல் வரிசையைப் பயன்படுத்தி அதற்குக் கீழே இருக்கும் எண்களைச் சுழியமாக்குகிறோம். R2 − 2R1 செய்தால் இரண்டாம் வரிசை 0, 0, 1, 2 ஆகும். R3 − R1 செய்தால் மூன்றாம் வரிசையும் 0, 0, 1, 2 ஆகும். இப்போது R3 − R2 செய்தால் மூன்றாம் வரிசை முழுவதும் சுழியம். கடைசியாக R1 − R2 செய்தால்:

```
1  2  0 | 4
0  0  1 | 2
0  0  0 | 0
```

ஒவ்வொரு வரிசையிலும் முதலில் வரும் 1 என்ற எண்ணுக்கு பிவட் என்று பெயர். இங்கே பிவட் இருப்பவை முதல் நிரலும் மூன்றாம் நிரலும். இரண்டாம் நிரலில் பிவட் இல்லை. இந்த ஒரு தகவல்தான் மீதி இரண்டு வாரத்தையும் தாங்கப்போகிறது.

இம்மூன்று நாளும் நாளுக்கு ஆறு கணக்கு போதும். ஒவ்வொரு படியிலும் எந்தச் செயலைச் செய்தோம் என்பதை ஓரத்தில் எழுதியே ஆகவேண்டும். R2 − 2R1 என்று எழுதியிருந்தால், எண்ணில் தவறு வந்தாலும் முறைக்குரிய புள்ளிகள் கிடைக்க வாய்ப்புண்டு. எழுதாவிட்டால் திருத்துபவருக்கு எதுவும் தெரியாது. தவறு பெரும்பாலும் நுழையும் இடம் குறை எண்ணைக் கழிக்கும் இடம். R1இல் −3 இருந்து, R2 − 2R1 செய்யும்போது 6ஐக் கூட்ட வேண்டும். அவசரத்தில் பலர் கழித்துவிடுகிறார்கள். குறை எண் உள்ள வரிசையைப் பெருக்கும்போது, பெருக்கிய வரிசையைத் தனியே ஒரு தரம் எழுதிவிட்டுப் பிறகு கழித்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

5ஆம் நாள்: எத்தனை விடை?

சுருக்கிய அணியைப் பில் மொழிக்குத் திருப்புவோம். இரண்டாம் வரிசை z = 2 என்கிறது: தே தாரேக் 2 ரிங்கிட். முதல் வரிசை x + 2y = 4 என்கிறது. ரொட்டி 2 ரிங்கிட், வடை 1 ரிங்கிட்டாக இருக்கலாம். ரொட்டி 1 ரிங்கிட் 60 சென், வடை 1 ரிங்கிட் 20 சென்னாகவும் இருக்கலாம். பில்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, ஏனெனில் மூன்று பில்லிலும் ஒரு ரொட்டிக்கு இரண்டு வடை என்றே வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் பில்லும் புதிதாக எதையும் சொல்லவில்லை. இரண்டாம் பில்லிலிருந்து முதல் பில்லைக் கழித்தால் வருவதே அது.

தேர்வில் இதை y = t என்று வைத்து x = 4 − 2t, y = t, z = 2 என எழுதவேண்டும். பிவட் இல்லாத நிரலுக்குரிய மாறிதான் விருப்பம்போல் மதிப்புப் பெறும். எதை t என்று வைப்பது என்று ஊகிக்கத் தேவையில்லை.

இதே கணக்கில் 8க்குப் பதில் k என்று போட்டு, "k எதுவானால் விடை உண்டு?" என்று கேட்பது வழக்கமான வினா. அதே செயல்களைச் செய்தால் கடைசி வரிசை 0, 0, 0, k − 8 என்று முடியும். k = 8 என்றால் எண்ணற்ற விடைகள். மற்ற எந்த k என்றாலும் விடையே இல்லை, ஏனெனில் சுழியம் சுழியமல்லாத எண்ணுக்குச் சமம் என்று ஆகிவிடும். இந்த k எவ்வளவானாலும் ஒரே ஒரு விடை மட்டும் வர வழியில்லை. அதற்கு இடப்பக்கம் மூன்று பிவட் வேண்டும், இங்கே இரண்டுதான்.

விடையைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். t = 1 என்று வைத்தால் (2, 1, 2) கிடைக்கிறது. இதை முதலில் கொடுத்த மூன்று சமன்பாட்டிலும் போட்டால் 6, 14, 8 வரவேண்டும். சுருக்கிய அணியில் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை. சுருக்கும்போது செய்த தவறு அங்கே தெரியாது.

6, 7ஆம் நாட்கள்: அணிக்கோவையும் முதல் சோதனையும்

அணிக்கோவை, அதாவது டிடர்மினன்ட், சுழியமானால் அந்தச் சதுர அணிக்கு நேர்மாறு இல்லை. மேலே உள்ள பில்லில் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் மூன்றுக்கு மூன்று அணியின் அணிக்கோவை சுழியம். கணக்குப் போடாமலேயே சொல்லலாம்: இரண்டாம் நிரல் முதல் நிரலின் இருமடங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சமன்பாடுகளைத் தீர்க்கும்போது பின்னத்தைத் தவிர்க்க 3R2 − 2R1 என்று செய்வார்கள். அது சரியே, விடை மாறாது. ஆனால், அணிக்கோவை காணும்போது அதே செயலைச் செய்தால், R2 மூன்றால் பெருக்கப்படுவதால் விடையும் மூன்று மடங்காகிவிடும். அணிக்கோவைக்கு R2 − (2/3)R1 என்றே செய்யவேண்டும், அல்லது கடைசியில் மூன்றால் வகுக்கவேண்டும். இரண்டு வரிசைகளை இடம் மாற்றினால் குறியும் மாறும். fx-570 வகைக் கணிப்பானில் மெட்ரிக்ஸ் பகுதி இருக்கிறது; உங்கள் பல்கலைக்கழகம் அதை அனுமதித்தால், மூன்றுக்கு மூன்று விடையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். செய்முறை இல்லாத விடைக்குப் புள்ளி கிடைப்பது அரிது.

ஏழாம் நாள் ஒரு மணி நேரம் கடிகாரத்தை வைத்து, இதுவரை பார்த்த வகையில் நான்கு வினாக்கள் செய்யுங்கள். ஒரு மூன்றுக்கு நான்கு அணியைப் பத்து நிமிடத்திற்குள் சுருக்கிச் சரிபார்க்க முடிந்தால் இரண்டாம் வாரத்திற்குப் போகலாம். முடியவில்லையென்றால் எட்டாம் நாளின் பாதியையும் சுருக்கத்திற்கே கொடுங்கள். இது தடுமாறினால் அடுத்த வாரம் எல்லாமே தடுமாறும்.

8ஆம் நாள்: சப்ஸ்பேஸ்

ஒரு வெக்டர் வெளிக்குள் இருக்கும் தொகுதி தானும் வெக்டர் வெளியாக இருந்தால் அது சப்ஸ்பேஸ். சோதனை மூன்று: சுழிய வெக்டர் அதில் இருக்கவேண்டும், அதிலுள்ள இரண்டைக் கூட்டினால் வருவதும் அதிலேயே இருக்கவேண்டும், ஒன்றை எந்த எண்ணால் பெருக்கினாலும் அதிலேயே இருக்கவேண்டும்.

பில் கணக்கின் விடைகள் எல்லாவற்றையும் சேர்த்த தொகுதி சப்ஸ்பேஸா? இல்லை. (2, 1, 2) ஒரு விடை, (4, 0, 2) இன்னொரு விடை. கூட்டினால் (6, 1, 4). இதை முதல் பில்லில் போட்டால் 6 + 2 + 4 = 12 வருகிறது, 6 அல்ல. சுழிய வெக்டரைப் போட்டிருந்தால் இன்னும் விரைவாக முடிந்திருக்கும்: எல்லா விலையும் சுழியம் என்றால் பில் 6 ரிங்கிட் வராது. ஆனால், வலப்பக்க எண்களை எல்லாம் சுழியமாக்கினால், அந்தச் சமன்பாடுகளின் விடைத் தொகுதி எப்போதுமே சப்ஸ்பேஸ்தான்.

சுழிய வெக்டர் இருப்பதாலேயே சப்ஸ்பேஸ் என்று முடிவு கட்டக்கூடாது. தளத்தில் xy ≥ 0 என்ற தொகுதியை எடுங்கள். (0, 0) அதில் இருக்கிறது. எந்த எண்ணால் பெருக்கினாலும் வெளியே போகாது. ஆனால் (1, 2), (−2, −1) இரண்டும் உள்ளே இருக்க, அவற்றின் கூட்டல் (−1, 1) வெளியே போய்விடுகிறது.

விடை எழுதும் முறையில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். சப்ஸ்பேஸ் அல்ல என்று காட்ட, எண்களில் ஓர் எடுத்துக்காட்டு போதும். சப்ஸ்பேஸ் என்று காட்ட, எண்கள் போதா. (a, b, c), (d, e, f) என்று எழுத்துகளை வைத்தே காட்டவேண்டும். x + 2y + z = 0 என்ற தொகுதிக்கு, (a + d) + 2(b + e) + (c + f) என்பதைப் பிரித்து எழுதினால் (a + 2b + c) + (d + 2e + f) = 0 + 0 என்று வரும். இரண்டே வரி. இந்த இரண்டு வரிக்குப் பதிலாக இரண்டு எண் எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தால், கணக்குச் சரியாக இருந்தாலும் நிரூபணமாகாது.

9 முதல் 11 வரை: ஒரே அணி, நான்கு கேள்விகள்

பழைய அணிக்கே திரும்புவோம். அதன் நிரல்களை வெக்டர்களாகப் பார்த்தால் (1, 2, 1), (2, 4, 2), (1, 3, 2), (6, 14, 8) என்று நான்கு. இப்போது தேர்வு நான்கு விதமாகக் கேட்கலாம்.

முதலாவது, (6, 14, 8) என்பது முதல் மூன்றின் ஸ்பேனில் இருக்கிறதா? அதாவது, அவற்றைப் பெருக்கிக் கூட்டி அதை உருவாக்க முடியுமா? இது "பில்லுக்கு விடை உண்டா?" என்ற அதே கேள்விதான். உண்டு: சுருக்கிய அணியின் கடைசி நிரல் 4, 2 என்கிறது, முதல் நிரலின் 4 மடங்கும் மூன்றாம் நிரலின் 2 மடங்கும் சேர்ந்தால் (6, 14, 8). ஆனால் (6, 14, 9) ஸ்பேனில் இல்லை, ஏனெனில் k = 9 என்றால் விடை இல்லை என்று ஐந்தாம் நாளே கண்டோம்.

இரண்டாவது, முதல் மூன்று வெக்டர்கள் ஒன்றையொன்று சாராதவையா? பிவட் இல்லாத நிரல் ஒன்று இருக்கிறது. ஆகவே அவை சார்ந்தவை. இரண்டாவது முதலாவதன் இருமடங்கு என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, நிரல் வெளியின் பேசிஸ் என்ன? பேசிஸ் என்பது ஒன்றையொன்று சாராமல், மொத்த வெளியையும் உருவாக்கப் போதுமான வெக்டர்கள். பிவட் இருக்கும் முதல், மூன்றாம் நிரல்களை எடுக்கவேண்டும். எந்த அணியிலிருந்து? முதலில் கொடுத்த அணியிலிருந்து: (1, 2, 1), (1, 3, 2). பலர் சுருக்கிய அணியிலிருந்து (1, 0, 0), (0, 1, 0) என்று எடுத்துவிடுகிறார்கள். அது தவறு என்பது எளிதில் தெரியும்: அவ்விரண்டைக் கொண்டு எதை உருவாக்கினாலும் மூன்றாம் எண் சுழியமாகவே இருக்கும், (1, 2, 1) என்பதை உருவாக்கவே முடியாது. வரிசைச் செயல்கள் நிரல்களுக்கு இடையிலான உறவை மாற்றுவதில்லை, நிரல்களை மாற்றிவிடுகின்றன. வரிசை வெளிக்கு இது தலைகீழ். அங்கே சுருக்கிய அணியின் சுழியமல்லாத வரிசைகளையே எடுக்கலாம்.

நான்காவது, கோட்டை எடுத்துவிட்டு முழு அணியையும் ஒரே அணியாகக் கொண்டால், அதன் சுழிய வெளி என்ன? அதாவது, அந்த அணி எந்த வெக்டர்களைச் சுழியமாக்குகிறது? இப்போது நான்கு மாறிகள். பிவட் இல்லாத இரண்டாம், நான்காம் மாறிகளை s, t என்று வைத்தால் முதல் மாறி −2s − 4t, மூன்றாம் மாறி −2t. ஆகவே பேசிஸ் (−2, 1, 0, 0), (−4, 0, −2, 1). இரண்டாவதை முதல் வரிசையில் போட்டுப் பார்த்தால் −4 − 2 + 6 = 0. சரி.

பிவட்களின் எண்ணிக்கையே ரேங்க். இங்கே ரேங்க் 2, சுழிய வெளியின் பரிமாணம் 2, இரண்டும் சேர்ந்து 4. அதுவே நிரல்களின் எண்ணிக்கை. இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு வெக்டரைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இம்மூன்று நாளும் புதிய கணக்கைத் தேடி அலைய வேண்டாம். முதல் வாரத்தில் சுருக்கி முடித்த பத்து அணிகளை எடுத்து, ஒவ்வொன்றிடமும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

12ஆம் நாள்: ஐகன் மதிப்புகள்

உங்கள் பாடத்திட்டத்தில் ஐகன் மதிப்பு இருந்தால் ஒரு நாள் ஒதுக்குங்கள். முதல் வரிசை 4, 1, இரண்டாம் வரிசை 2, 3 உள்ள அணிக்கு λ² − 7λ + 10 = 0; ஆகவே λ = 5, 2. இரண்டையும் கூட்டினால் மூலைவிட்ட எண்களின் கூட்டல் 4 + 3 = 7; பெருக்கினால் அணிக்கோவை 10. இந்த இரண்டும் பொருந்தாமல் மேலே போகாதீர்கள்.

ஐகன் வெக்டர் காண்பதும் சுழிய வெளிக் கணக்கே. λ = 5 என்று மூலைவிட்டத்தில் கழித்தால் வரிசைகள் −1, 1 மற்றும் 2, −2. சுருக்கினால் ஒரு வரிசை முழுவதும் சுழியமாகும். வெக்டர் (1, 1). λ = 2 என்றால் வெக்டர் (1, −2). சுழிய வரிசை வரவில்லையென்றால் λ தவறு, அல்லது சுருக்கியது தவறு. அப்போது (0, 0) என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. சுழிய வெக்டர் ஐகன் வெக்டராகாது.

13, 14ஆம் நாட்கள்

பதின்மூன்றாம் நாள் முழுத்தாள் ஒன்றை முழு நேரத்தில், தேர்வு தொடங்கும் அதே மணிக்குத் தொடங்கிச் செய்யுங்கள். திருத்தும்போது இழந்த புள்ளிகளை மூன்றாகப் பிரியுங்கள்: கழித்தல் தவறு, தவறான அணியிலிருந்து எடுத்தது, நிரூபணத்தில் எண்களைப் போட்டது. எதில் அதிகம் இழந்தீர்களோ அந்த வகையில் மட்டும் பதினான்காம் நாள் காலையில் நான்கு கணக்கு.

அன்று மாலை வரையறைகளை மட்டும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்: சப்ஸ்பேஸ், ஸ்பேன், சாராமை, பேசிஸ், பரிமாணம். தேர்வுமொழி ஆங்கிலமானால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழிலோ மலாயிலோ பொருள் தெரிந்திருந்தும், ஆங்கில வாக்கியமாக வராமல் இரண்டு, மூன்று புள்ளிகளை விடுபவர்கள் உண்டு. ஐந்து வரையறைக்கும் சேர்த்து அரைப் பக்கம்தான் வரும்.

பல இடங்களில் இந்தத் தாளில் தேறினால்தான் அடுத்த கணிதப் பாடத்தை எடுக்கமுடியும். தவறினால் ஒரு பருவம் தள்ளிப்போகலாம். கடனுதவியில் படிக்கும் பிள்ளைக்கு அது வீட்டுச் செலவாகவும் வந்து விழும். உங்கள் வீட்டில் முதலாண்டு மாணவர் இருந்தால், தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாளுக்கு இரண்டரை மணி நேரம் இடையூறில்லாமல் இதற்குக் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்திற்கு அவ்வளவு நேரம் போதும்.